வாடகை வீட்டுக் கல்லும் குழாயும்: புனேல இருக்க மகளுக்கு ஆத்தா எழுதுன கேள்வி பதில்

ஆத்தா, பாத்ரூம்ல தரை, குழாய், ஷவர் எல்லாத்துலயும் வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கு. எலுமிச்சம்பழம் இல்லாட்டி வினிகர் போட்டுத் தேய்ன்னு எல்லாரும் சொல்றாங்க, தேய்க்கவா?

குழாய்க்குத் தேய்க்கலாம், தரையில மட்டும் இப்போதைக்குக் கை வைக்காத. நீ வாட்ஸாப்ல ஒவ்வொண்ணா கேக்குறதும் நான் வேலைக்கு நடுவுல அரைகுறையா பதில் சொல்றதுமா போயிட்டு இருக்கு, அதான் எல்லாத்தையும் சேர்த்து உக்காந்து எழுதுறேன், பொறுமையா படி.

உங்க அபார்ட்மெண்டுக்கு வர்றது டேங்கர் தண்ணி, போர் தண்ணி, அதுல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. தண்ணி காஞ்சு போகும், சுண்ணாம்பு மட்டும் அங்கேயே தங்கிரும், அதான் அந்த வெள்ளை. புளிப்பா எது பட்டாலும் சுண்ணாம்பு கரையும், அதனால எலுமிச்சம்பழம், வினிகர்னு சொல்றவங்க தப்பா சொல்லல. ஆனா உன் பாத்ரூம் தரை என்ன கல்லுன்னு அவங்களுக்குத் தெரியாதுல்ல. சில கல்லு அதுவே சுண்ணாம்புக் கல்லுதான். கறையும் சுண்ணாம்பு, கல்லும் சுண்ணாம்பு, எலுமிச்சம்பழத்துக்கு எது கறை எது தரைன்னா தெரியும், ரெண்டையும் சேர்த்துத் தின்னுட்டுப் போயிரும். கறை போன எடத்துல பளபளப்பும் போயிருக்கும், அப்பறம் ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ்ல கை வைப்பாரு.

என்ன கல்லுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது, எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது

கலரைப் பாத்து முடிவு பண்ணாத. கறுப்பா இருக்கதெல்லாம் கிரானைட் இல்ல. நம்ம அடுப்பங்கரை அலமாரித் தட்டு எல்லாம் கறுப்புதான, அது கடப்பாக் கல்லு, சுண்ணாம்புக் கல்லு ஜாதி, புளித் தண்ணி சிந்துன எடம் சாம்பப் பூத்த மாதிரி நிக்கும். கிரானைட்டுக்கு அது ஒண்ணும் பண்ணாது.

யாரு கண்ணுக்கும் படாத எடமாப் பாரு, சிங்குக்கு அடியில தட்டு இருந்தா அதோட மூலை, பாத்ரூம்னா கதவுக்குப் பின்னாடி. காஞ்ச கல்லு மேல ஒரே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடு, ரெண்டு மூணு நிமிஷம் போகட்டும், அப்பறம் ஈரத்துணியால துடைச்சு காய விடு. காஞ்சதுக்கு அப்பறம் போன் டார்ச்சைத் தரையோட ஒட்டிப் படுக்க வச்சு அடிச்சுப் பாரு, மேல இருந்து அடிச்சா தெரியாது. சொட்டு இருந்த எடம் மட்டும் மங்கி, பளபளப்பு செத்துப் போயிருந்தா அது மார்பிள், கோட்டா, கடப்பா மாதிரி சுண்ணாம்புக் கல்லு. ஒண்ணும் தெரியலைன்னா கிரானைட்டோ டைலோ. நுரை வருதான்னு மட்டும் பாத்துட்டு வரலைன்னு விட்டுறாத, சில கல்லுல நுரை கண்ணுக்கே தெரியாது, ஆனா மங்கும். மங்கலைத்தான் பாக்கணும்.

டைல்னு தெரிஞ்சாலும் உடனே ஊத்திராத, டைலுக்கு நடுவுல இருக்க கோடு சிமெண்டு. டைல் தாங்கும், கோடு தாங்காது. புளிப்பு அடிக்கடி பட்டா அது மணல் மாதிரி பொடிஞ்சு வரும், வெரல வச்சுத் தேய்ச்சா வெள்ளையா ஒட்டும், நாள்பட்டா தண்ணி உள்ள எறங்கி கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க.

நம்ம ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டுதான். கண்ணாடி மேல வார்த்து எடுக்குறதால வர்ற பளபளப்பு அது, மேல தனியா க்ளேஸ் எதுவும் கெடையாது. அதனாலதான் குத்துவிளக்கு, பித்தளைப் பானை எதையும் வளவுல வச்சுப் புளி போட்டு விளக்க விடமாட்டேன், எல்லாம் பின்கட்டுல கெணத்தடியிலதான். உங்க அப்பத்தா அதுல இன்னும் கறார், புளித் தண்ணி சொட்டச் சொட்ட யாராச்சும் வளவுக்குள்ள வந்தா அன்னைக்கு இருக்கு.

பாத்துட்டேன் ஆத்தா. சமையல் மேடை ஒண்ணும் ஆகல. சிங்குக்கு அடியில இருக்க கறுப்புத் தட்டு மங்கிருச்சு. பாத்ரூம் தரை பச்சையும் சாம்பலுமா இருக்கு, அதுவும் மங்கிருச்சு. இப்ப என்ன பண்ண?

மேடை கிரானைட், தட்டு கடப்பா, பாத்ரூம் தரை கோட்டாக் கல்லா இருக்கும், ராஜஸ்தான்ல கோட்டாப் பக்கம் வெட்டுறது, அந்தப் பக்க வீடுகள்ல நெறைய போடுவாங்க. மூணுல ரெண்டுக்குப் புளிப்பே ஆகாது.

தரைக்கு வெந்நீர் (கை பொறுக்குற சூடு போதும்), ஒரு பக்கெட்ல பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு ஸ்பூன், நைலான் பிரஷ், அவ்வளவுதான். தண்ணியை ஊத்தி பத்து நிமிஷம் ஊற விட்டு அப்பறம் தேய். கெட்டியா படிஞ்ச எடத்துல பிளாஸ்டிக் சுரண்டியோ, பழைய ஏடிஎம் கார்டோ வச்சுப் படுக்கப் போட்டு சுரண்டு, கத்தியும் கம்பி நாரும் வேண்டாம், கோடு விழும். ஒரே நாள்ல போகாது, வாரத்துக்கு ஒருக்கா தேய்ச்சா மேல இருக்க அடுக்கு கழண்டு வரும், கல்லோட ஒட்டிப் போனது நிக்கும். அதை எடுக்கணும்னா மிஷின் வச்சு பாலிஷ் போடணும், அது ஓனர் செலவு, உன் வேலை இல்ல.

புதுசா படியாம இருக்க ஒரே வழி வைப்பர்தான். குளிச்சு முடிச்சதும் தரைத் தண்ணியை வைப்பரால இழுத்து விடு, ஒரு நிமிஷம் ஆகும். தண்ணி தேங்கி நின்னு காஞ்சாத்தான் சுண்ணாம்பு தங்கும், தண்ணியே இல்லாட்டி படிய என்ன இருக்கு. இதை மட்டும் செஞ்சா நான் எழுதுனதுல பாதி உனக்குத் தேவைப்படாது.

குழாய்க்கு மட்டும் எப்படி, தரையில சொட்டாம எப்படிச் செய்யிறது?

சிட்ரிக் ஆசிட்னு பொடியா விக்கும், எலுமிச்சை உப்புன்னும் சொல்லுவாங்க. அரை லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள் ஸ்பூன் கலந்துக்க. பொடி கெடைக்கலைன்னா வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி. பழைய காட்டன் துணியை அதுல நனைச்சு சொட்டாத அளவுக்குப் பிழிஞ்சு குழாயைச் சுத்திக் கட்டு, கீழ ஒரு மக்கு வச்சிரு. பத்துப் பதினஞ்சு நிமிஷம் போதும், ராத்திரி பூரா கட்டி வச்சா மேல இருக்க குரோம் பூச்சே கெட்டுப் போகும். அவுத்துட்டு பழைய டூத் பிரஷ்ஷால இடுக்குல தேய், நல்லா தண்ணி விட்டுக் கழுவு, காஞ்ச துணியால துடை. துடைக்காம விட்டா அன்னைக்கே திரும்பப் புள்ளி புள்ளியா வந்துரும்.

ஷவர் தலை கழண்டு வந்தா கழட்டி ஒரு கிண்ணத்துல அதே தண்ணியில அரை மணி நேரம் போடு, ஊசியால ஓட்டையைக் குத்தி விடு. தங்கக் கலரு, கறுப்புக் கலரு குழாயா இருந்தா மட்டும் இந்த வேலையே வேண்டாம், சோப்புத் தண்ணி மட்டும்தான், அந்தக் கலரு கெட்டா திரும்ப வராது.

பாத்ரூம் கழுவ வர்ற அக்கா ஆசிட் பாட்டிலோட வர்றாங்க. அஞ்சு நிமிஷத்துல பளிச்சுனு ஆக்கிட்டுப் போயிருவாங்க, அது ஓகேவா?

வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், எலுமிச்சம்பழமே தின்னுற கல்லை அது என்ன பண்ணும்னு யோசி. முதல் தடவ பளிச்சுனு இருக்கத்தான் செய்யும், மேல் அழுக்கோட சேர்த்துக் கல்லோட தோலையும் உரிச்சிருக்கும்ல. அப்பறம் கல்லு சொரசொரன்னு ஆகி அழுக்கை இன்னும் ஜாஸ்தி புடிக்கும், அதுக்குத் திரும்ப ஆசிட், அப்படியே போகும். அதோட பொகை பட்டே குழாய், கதவுக் கீல், கொக்கி எல்லாம் துரு புடிக்கும், ஊத்தாத எடத்துல கூட.

அந்த அக்காவைக் கோவிச்சுக்காத, சீக்கிரம் முடிச்சுட்டு அடுத்த வீட்டுக்கு ஓடணும், அவங்க பொழப்பு அப்படி. நீயே ஒரு பிரஷ்ஷும் லிக்விடும் வாங்கி வச்சு, எங்க வீட்டுக்கு இதுதான்னு சொல்லிரு. டாய்லெட் பீங்கானுக்கு மட்டும் டாய்லெட் க்ளீனர் ஊத்தலாம், பீங்கான் தாங்கும். பீங்கானுக்கு வெளிய ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணி விடணும், அதுலயும் அதே ஆசிட்தான் இருக்கு.

ஓரத்துல வெள்ளையா சிலிக்கான் அடைச்சிருக்காங்கல்ல, அதுல கறுப்பா பூஞ்சை புடிச்சிருக்கு

அதுக்குத்தான் ப்ளீச். பஞ்சைத் திரிச்சு ப்ளீச்சுல நனைச்சுப் பிழிஞ்சு அந்தக் கோட்டு மேல மட்டும் வரிசையா வச்சு ரெண்டு மணி நேரம் விட்டு எடு, தண்ணி விட்டுக் கழுவு. கையில க்ளவுஸ், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடணும், கதவு தொறந்திருக்கணும். கல்லு மேல வழிய விடாத, துணியில படவிடாத. சிலிக்கானுக்கு உள்ளயே பூஞ்சை போயிருந்தா போகாது, அதைக் கிழிச்சுட்டுப் புதுசு அடைக்கணும், ஓனர்ட்ட சொல்லு.

இப்ப சொல்றதை மட்டும் ரெண்டு தடவ படி. ப்ளீச் போட்ட அன்னைக்கு டாய்லெட் க்ளீனரோ வினிகரோ சிட்ரிக் ஆசிட்டோ அந்த பாத்ரூமுக்குள்ள எடுத்துட்டே போகாத. ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் வாயு கெளம்பும், அந்தச் சின்ன ரூம்ல அது நெஞ்சை அடைச்சுரும். ரெண்டு க்ளீனர் போட்டா டபுளா சுத்தமாகும்னு நெனச்சுப் பண்ணித்தான் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. தெரியாம கலந்து மூக்குல காரமா ஏறுச்சுன்னா கழுவுறேன் தொடைக்கிறேன்னு நிக்காம கதவைத் தொறந்து போட்டுட்டு வெளிய வந்துரு, வாடை சுத்தமா போனப்பறம் உள்ள போ. இருமல் நிக்கலைன்னா, மூச்சு வாங்குச்சுன்னா டாக்டர்ட்ட போயிரு, எனக்கு அப்பறம் போன் பண்ணு.

கிச்சன் ஜன்னல் திட்டு வெள்ளை மார்பிள். அதுல மஞ்சள்தூள் டப்பா ஈரத்தோட இருந்து வட்டமா மஞ்சக் கறை. சோப்பு போட்டேன், செவப்பா மாறிருச்சு, பயந்துட்டேன்!

பயப்படாத. மஞ்சளுக்கு சோப்பு, சுண்ணாம்பு, காரமா எது பட்டாலும் செவக்கும். ஆலாத்தி கரைக்கிறப்ப மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டதும் செவக்குமே, அதேதான். தண்ணி விட்டு அலசு, திரும்ப மஞ்சளாயிரும். எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வந்துறாத, அது மார்பிளு.

மெடிக்கல் ஷாப்ல ஹைட்ரஜன் பெராக்சைடு கேளு. 6 சதவீதம்னு எழுதியிருந்தா அதே அளவு தண்ணி கலந்துக்க, 3 ஆயிரும். ரெண்டு ஸ்பூன் சமையல் சோடாவுல அதைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு இட்லி மாவு பதத்துக்குக் கொழை. கறையைச் சுத்தி ஒரு வெரல் அகலம் கூட வர்ற மாதிரி அப்பு, அரை வெரல் கனம் இருக்கட்டும். மேல பிளாஸ்டிக் பேப்பர் போட்டு ஓரத்துல டேப் ஒட்டு. ஒரு நாள் பூரா விடு. மறுநாள் பேப்பரை எடுத்துட்டு மாவு தானா காயட்டும், காயிறப்பதான் கல்லுக்குள்ள எறங்குனதை மேல இழுக்கும், அவசரப்பட்டு ஈரத்துலயே துடைச்சா பாதிக் கறை உள்ளயே தங்கிரும். காஞ்சதை பிளாஸ்டிக் கார்டால தூக்கி எடு, ஈரத்துணியால துடை.

முதல் தடவ வட்டம் வெளுத்து லேசா நிக்கும், திரும்ப ஒருக்கா போடு. சோடாவுல காரம் இருக்கதால நடுவுல கொஞ்சம் செவந்த மாதிரி தெரிஞ்சாலும் தெரியும், விட்டுரு. மிச்சத்தை வெயில் பாத்துக்கும், மஞ்சளுக்கு வெயில் ஆகாது, உன் திட்டு ஜன்னல்ல இருக்கது உனக்கு வசதி. இதைக் கறுப்புக் கல்லுல மட்டும் போட்டுறாத, வெளுத்தாலும் வெளுத்துரும்.

இன்னொரு எடத்துல வட்டமா இருக்கு ஆத்தா, ஆனா கலரே இல்ல, சும்மா மங்கலா இருக்கு. அதுக்கும் இதே மாவு போடவா?

போட்டுப் பிரயோஜனம் இல்லத்தா. அது கறை இல்ல, அரிப்பு. ஏதோ புளிப்பு பட்டு கல்லே கரைஞ்சிருக்கு, அங்க எடுக்குறதுக்குன்னு ஒண்ணுமே இல்ல. கல்லை விட அடர்த்தியா, கலரோட இருந்தா கறை. கல்லை விட வெளிறி, சாய்ச்சுப் பாத்தா மட்டும் தெரிஞ்சு, வெரலுக்கு லேசா சொரசொரன்னு இருந்தா அரிப்பு.

நம்ம பட்டாலையில அந்த இத்தாலி மார்பிள்ல தூணுக்குப் பக்கத்துல மூணு வட்டம் இருக்கே, பாத்திருப்ப, உங்க சின்ன ஐயா கல்யாணத்துல யாரோ எலுமிச்சை ஜூஸ் டம்ளரைத் தரையில வச்ச தடம். எத்தனை தடவ துடைச்சிருப்போம், அப்படியே இருக்கு.

மார்பிள் பாலிஷ் பவுடர்னு விக்கும், ஈரத்துணியில தொட்டு தேய்ச்சா சின்ன அரிப்பு கொறையும். ஆனா வாடகை வீட்டுல ஓனரைக் கேக்காம நீயா பண்ணாத, தேய்ச்ச எடம் மட்டும் ஜாஸ்தி பளபளத்தா அதுக்கும் ஒரு பேச்சு வரும். இனிமே புளி கரைக்கிறது, தயிர், தக்காளி நறுக்குறது எல்லாம் கிரானைட் மேடை மேல வச்சுக்க. நம்ம சமையல்ல மண்டி, குழம்புன்னு எல்லாத்துலயும் புளி, திட்டு மேல கரண்டியைக் கூட வைக்காத.

ஸ்டீல் சிங்க்ல துரு வந்திருக்கு, ஸ்டீலுக்குத் துரு புடிக்குமா என்ன?

அது சிங்கோட துருவா இருக்காது, நான் குடுத்தனுப்புன இரும்புச் சட்டியை ஈரத்தோட அதுலயே கவுத்து வச்சிருப்ப. இல்லாட்டி கம்பி நார்ல இருந்து உதிர்ந்த பொடி. சமையல் சோடாவைக் கொழைச்சு, ஸ்டீல்ல கோடு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமாவே தேய்ச்சா போயிரும், குறுக்க தேய்க்காத.

நெசமாவே ஸ்டீலைத் தின்னுறது உப்பும் ப்ளீச்சும்தான். மீனுக்குக் கல்லுப்பு போட்டு ஒரசிட்டு சிங்க்ல அப்படியே விட்டுறாத, ப்ளீச்சுல துணி ஊற வைக்காத, ஊசி குத்துன மாதிரி குழி விழும், அது போகவே போகாது.

காலி பண்றப்ப ஓனர் இதுக்கெல்லாம் அட்வான்ஸ்ல புடிச்சா என்ன பண்றது?

இன்னைக்கே போட்டோ எடு, நீ குடிபோயி ஒரு மாசம்கூட ஆகல. டார்ச்சை சாய்ச்சு அடிச்சு அந்த மங்கல் வட்டம், பாத்ரூம் தரை, சிலிக்கான் கறுப்பு எல்லாத்தையும் எடுத்து ஓனருக்கு வாட்ஸாப் பண்ணி, "நாங்க வர்றப்பவே இப்படி இருந்துச்சு, உங்க தகவலுக்கு"ன்னு மரியாதையா ஒரு வரி போட்டுரு. மஞ்சக் கறை உன்னோடது, அதை அதுல சேக்காத, நீயே எடுத்துரு.

உங்க அப்பச்சிட்ட கேட்டேன், 1882ஆம் வருஷத்து சொத்து மாற்றச் சட்டத்துலயே 108ஆவது பிரிவுல இருக்காம், வேற மாதிரி அக்ரிமெண்ட் இல்லாட்டி, குடியிருக்கவங்க வீட்டை வாங்குன நெலமையிலயே திருப்பிக் குடுக்கணும், ஆனா நியாயமா பொழங்குறதால வர்ற தேய்மானத்துக்கு அவங்க பொறுப்பில்லன்னு. நடந்து நடந்து கோட்டாக் கல்லு மங்குனா அது தேய்மானம். ஆசிட் ஊத்தி மங்குனா அதைத் தேய்மானம்னு சொல்ல முடியாது. அக்ரிமெண்ட்ல பெயிண்ட், பாலிஷ்னு தனியா ஏதாச்சும் எழுதியிருக்கான்னு ஒருக்கா எடுத்துப் படிச்சுப் பாரு, எழுதியிருந்தா அதுதான் செல்லும்.

ஊர்ல இருந்து ஏதாச்சும் அனுப்புறியா? பாத்திரம் விளக்குற சாம்பல்?

சாம்பல் வேண்டாம், அதுல காரமும் இருக்கு மணலும் இருக்கு, மார்பிள்லயும் குழாய்லயும் கீறல் விழும். தேங்கா நார் ஒரு கட்டு வச்சிருக்கேன், சட்டிக்கும் கிரானைட் மேடைக்கும் ஆகும். பழைய வேட்டி கிழிச்ச துணியும் வச்சிருக்கேன், குழாய் துடைக்க அதை விட ஒண்ணு கெடையாது. கூடவே சீப்பு சீடையும், வத்தலும். திங்கக்கிழமை கூரியர் போடுறேன், வாட்ச்மேன்ட்ட சொல்லி வை.